‘எம்-சாட் 5’, ‘ஆர்.எல்.ஏ 16–18’, ‘ஐ.எஸ்.ஏ.ஏ 84’: குழந்தையின் அசெஸ்மென்ட் ரிப்போர்ட்டில் இருக்கும் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்?

இரண்டரை வயதாகியும் குழந்தை பேசவில்லை. டாக்டர் ‘ஒரு அசெஸ்மென்ட் பண்ணிடலாம்’ என்கிறார். ரெண்டு மூணு தடவை அலைந்த பிறகு கையில் ஒரு ரிப்போர்ட் வருகிறது. அதில் முக்கால்வாசி சுருக்கெழுத்துகள், நடுவில் சில எண்கள், கடைசியில் ‘ஏ.எஸ்.டி.’ என்ற மூன்று எழுத்தும் அதன் முன்னால் ஒரு கேள்விக்குறியும். வீட்டுக்கு வந்து அன்று இரவே ஒவ்வொரு வார்த்தையையும் இணையத்தில் தேடாத பெற்றோர் குறைவு. தேடினால் பெரும்பாலும் பயம்தான் கூடுகிறது. காரணம், ரிப்போர்ட்டில் இருக்கும் எண்களுக்கு ஒரே அளவுகோல் கிடையாது. ஒன்றில் 5 என்பது யோசிக்க வேண்டிய எண். இன்னொன்றில் 40 என்பது இருப்பதிலேயே குறைந்த மதிப்பெண்.

அதனால், தமிழ்நாட்டில் ஒரு மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்திலோ (டிஇஐசி) தனியார் கிளினிக்கிலோ பெற்றோர் வழக்கமாகப் பார்க்கக்கூடிய ஒரு ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்துப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாம் உருவாக்கிய மாதிரி ரிப்போர்ட். குழந்தைக்கு கவின் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வயது 2 வருடம் 6 மாதம், அதாவது 30 மாதம். இந்த 30 பல இடங்களில் திரும்ப வரும், ஞாபகம் இருக்கட்டும்.

முதல் வரி: ‘ஸ்பீச் டிலே’

ரிப்போர்ட்டின் தொடக்கத்தில் ‘சீஃப் கம்ப்ளெய்ன்ட்: ஸ்பீச் டிலே’ என்று இருக்கும். இதை நோயின் பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் என்ன சொல்லி குழந்தையைக் கூட்டிவந்தீர்களோ, அதைத்தான் அங்கே எழுதியிருக்கிறார்கள். ‘காய்ச்சல்’ என்று எழுதுவது போலத்தான் இதுவும். காய்ச்சல் எதனால் வந்தது என்பதை அதற்கு அப்புறம்தான் தேட வேண்டும்.

பேச்சு தாமதத்துக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். காது சரியாகக் கேட்காதது ஒன்று. மொழி மட்டும் பிந்துவது ஒன்று. எல்லா வளர்ச்சியும் சேர்ந்தே பிந்துவது ஒன்று. ஆட்டிசம் ஒன்று. அதே நேரத்தில், நன்றாகப் பேசும் குழந்தைக்கும் ஆட்டிசம் இருக்கலாம். ஆகவே ‘பேசிட்டா ஆட்டிசம் இல்ல, பேசலைன்னா ஆட்டிசம்’ என்ற கணக்கு இரண்டு பக்கமும் தப்பு.

‘லெஃப்ட் இயர்: ரெஃபர்’

பேசாத குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. ‘சத்தம் கேட்டா திரும்புறானே, டிவி விளம்பரம் போட்டா ஓடி வர்றானே’ என்று பல வீடுகளில் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். கனமான சத்தங்கள் மட்டும் கேட்டு, ‘ஸ’, ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தையும் டிவி சத்தத்துக்குத் திரும்பும்.

கவின் ரிப்போர்ட்டில் ‘ஓ.ஏ.இ: ரைட் பாஸ், லெஃப்ட் ரெஃபர்’ என்று இருக்கிறது. ஓ.ஏ.இ. என்பது காதுக்குள் ஒரு சின்ன செருகியை வைத்து, உள்காது அனுப்பும் பதில் ஒலியைப் பதிவுசெய்யும் பரிசோதனை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதில் ‘ரெஃபர்’ என்றால் இடது காது கேட்கவில்லை என்று பொருள் இல்லை. ‘இந்தப் பரிசோதனையில் பதில் கிடைக்கவில்லை, அடுத்த பரிசோதனைக்கு அனுப்புங்கள்’ என்பதுதான் பொருள். சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தாலும், காதில் அழுக்கு அடைத்திருந்தாலும், குழந்தை அழுதுகொண்டே இருந்தாலும் ‘ரெஃபர்’ வரும்.

அடுத்தது ‘பெரா’. குழந்தையைத் தூங்கவைத்து, தலையில் சின்ன மின்முனைகளை ஒட்டி, காதில் ‘டிக் டிக்’ சத்தம் கொடுத்து, அது நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பார்கள். வலி இல்லை. ‘30 டெசிபல் வரை ஐந்தாம் அலை கிடைக்கிறது’ என்ற மாதிரி எழுதியிருந்தால் பொதுவாக அது நல்ல செய்தி. ஆனால் பெரா சொல்வது ஒலி போய்ச் சேருகிறதா என்பதை மட்டும். சேர்ந்த ஒலி வார்த்தையாகப் புரிகிறதா என்பதை அது சொல்லாது. ‘பெரா நார்மல், அதனால பேச்சு தானா வந்துடும்’ என்று யாராவது சொன்னால் அந்த முடிவுக்கு பெரா பொறுப்பல்ல.

‘எம்-சாட்-ஆர்: 5, ஃபாலோ-அப்: 3’

எம்-சாட் என்பது 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கான கேள்வித்தாள். மொத்தம் 20 கேள்விகள், பதில் ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’. பெற்றோரே பதில் சொல்கிறார்கள். 0 முதல் 2 வரை வந்தால் ஆபத்து குறைவு. 3 முதல் 7 வரை நடுத்தரம். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேராக விரிவான மதிப்பீட்டுக்கு அனுப்பலாம்.

இங்கே மதிப்பெண் கூடக்கூட கவலை கூடும். ஸ்கூல் பரீட்சை மாதிரி படிக்கக் கூடாது.

இணையத்தில் இதைத் தாங்களே நிரப்பிப் பார்க்கும் பெற்றோர் வழக்கமாக இரண்டு இடத்தில் தடுமாறுகிறார்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு ‘இல்லை’ என்பதுதான் எச்சரிக்கைப் பதில். ஆனால் 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகள் தலைகீழ். காது கேட்கவில்லையோ என்று எப்போதாவது சந்தேகப்பட்டீர்களா, கண்ணருகே விரல்களை விசித்திரமாக அசைக்கிறதா, மிக்ஸி மாதிரி தினசரி சத்தங்களுக்கே கலங்கிப்போகிறதா என்ற இந்த மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால்தான் ஒரு மதிப்பெண். இன்னொன்று, ‘எப்பவாவது ஒரு தடவை செஞ்சிருக்கான்’ என்றால் அதற்கு ‘ஆமாம்’ போடக் கூடாது. வழக்கமாகச் செய்கிறதா என்பதுதான் கேள்வி. பாசத்தில் அந்த ஒரு தடவையையும் கணக்கில் சேர்ப்பது தாத்தா பாட்டிக்கு ரொம்ப சகஜம்.

கவினுக்கு முதல் சுற்றில் 5 வந்தது. பாவனை விளையாட்டு இல்லை, மற்ற குழந்தைகள் மேல் ஆர்வம் இல்லை, சுட்டிக் காட்டுவதில்லை, பொருளைக் கொண்டுவந்து காட்டுவதில்லை, பெயர் சொன்னால் திரும்புவதில்லை. 5 நடுத்தரம் என்பதால் ‘ஃபாலோ-அப்’ நேர்காணல் செய்ய வேண்டும். விழுந்த ஐந்து கேள்விகளை மட்டும் எடுத்து, உதாரணங்களோடு மறுபடி கேட்பார்கள். ‘காலி டம்ளரை வாயில வெச்சு குடிக்கிற மாதிரி பண்ணுவானா?’ என்று கேட்டபோது, ‘ஆமா, அது தினமும் பண்றானே’ என்கிறார் அம்மா. அது பாவனை விளையாட்டு என்று அவருக்கு அதுவரை தெரியாது. அந்த மதிப்பெண் போய்விட்டது. பார்க்கில் மற்ற பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பான், பின்னாலேயே ஓடுவான் என்றதும் இன்னொன்றும் போனது. மீதம் 3.

இந்தச் சுற்றில் 2 அல்லது அதற்கு மேல் மிஞ்சினால் விரிவான மதிப்பீடு தேவை என்பது விதி. கவின் அதற்குள் வருகிறான். நேரம் இல்லாத இடங்களில் இந்த இரண்டாம் சுற்றைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் 3 முதல் 7-க்குள் ஒரே ஒரு எண் மட்டும் இருந்தால், ‘ஃபாலோ-அப் பண்ணீங்களா?’ என்று தயங்காமல் கேளுங்கள். எத்தனை வந்தாலும் எம்-சாட் வெறும் சல்லடைதான். அதை வைத்து மட்டும் ‘ஆட்டிசம்’ என்று யாரும் முடிவு எழுத முடியாது.

‘ஆர்.எல்.ஏ: 16–18 மாதம், இ.எல்.ஏ: 11–12 மாதம்’

இது ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதும் வரி. பெரும்பாலும் ‘ரீல்ஸ்’ என்ற அளவுகோலில் வந்திருக்கும். மொபைலில் பார்க்கும் ரீல்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறந்ததிலிருந்து மூன்று வயது வரையிலான மொழி வளர்ச்சியைப் பார்க்கும் அளவுகோல் இது.

ஆர்.எல்.ஏ. என்பது புரிந்துகொள்ளும் மொழியின் வயது. இ.எல்.ஏ. என்பது வெளிப்படுத்தும் மொழியின் வயது. 30 மாதக் குழந்தையான கவின், கேட்டுப் புரிந்துகொள்வதில் ஒன்றரை வயதை ஒட்டியும், சொல்வதில் ஒரு வயதை ஒட்டியும் இருக்கிறான் என்பது இதன் பொருள். ‘என் பிள்ளைக்கு மூளை வளர்ச்சி ஒரு வயசுதானா?’ என்று இதைப் படித்துவிட்டு உடைந்துபோக வேண்டியதில்லை. மொழி என்ற ஒரே ஒரு துறையைப் பற்றிய வரி இது.

இரண்டு எண்களில் முதலாவதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். பேச்சு மட்டும் பிந்தி, புரிதல் வயதுக்கேற்ப இருக்கும் குழந்தைக்கும், இரண்டுமே பிந்தியிருக்கும் குழந்தைக்கும் அடுத்து பார்க்க வேண்டியவை வேறு.

இங்கேதான் பெற்றோருக்கும் தெரபிஸ்டுக்கும் வழக்கமாக ஒரு மனத்தாங்கல் வருகிறது. ‘அவனுக்கு எல்லாமே புரியும் மேடம், செருப்பு எடுத்துட்டு வான்னா எடுத்துட்டு வருவான்’ என்பார் அப்பா. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் சட்டை மாட்டி, வண்டிச் சாவியைக் கையில் எடுத்து, வாசலைப் பார்த்து நிற்கிறார். குழந்தை சூழலைப் படிக்கிறது. வார்த்தையைக் கேட்டுச் செய்கிறதா என்று தெரிய, ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். எங்கும் கிளம்பாத ஒரு நேரத்தில், உட்கார்ந்தபடியே, கையை நீட்டாமல், அந்தப் பக்கம் பார்க்காமல், ‘செருப்பு எடுத்துட்டு வா’ என்று சொல்லுங்கள். இன்னொரு நாள் ‘சீப்பு எடுத்துட்டு வா’ என்று மாற்றுங்கள். இரண்டுக்கும் செருப்பையே கொண்டுவந்தால், அல்லது எதையும் கொண்டுவராவிட்டால், தெரபிஸ்ட் போட்ட எண்ணுக்குக் காரணம் புரியும்.

‘பாயின்டிங்: ரிக்வெஸ்ட் மட்டும், ஜாயின்ட் அட்டென்ஷன்: குறைவு’

எண்களே இல்லாத இந்த வரியை நிறைய பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘பேச்சு தாமதமா, ஆட்டிசமா’ என்ற கேள்வியில் அதிகம் சொல்லக்கூடிய வரி இதுதான்.

குழந்தை விரல் நீட்டுவதில் இரண்டு வகை உண்டு. அலமாரி மேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவைக் காட்டினால் அது கேட்பதற்காக. தெருவில் யானை போகும்போது யானையைக் காட்டி, திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்து, மறுபடி யானையைப் பார்த்தால் அது பகிர்வதற்காக. இரண்டாவதில் குழந்தைக்கு எதுவும் வேண்டாம். ‘நீயும் பாரேன்’ என்பது மட்டும்தான் செய்தி. இப்படி ஒரே பொருளை இருவரும் சேர்ந்து பார்ப்பதைத்தான் ஜாயின்ட் அட்டென்ஷன் என்கிறார்கள். தமிழில் ‘கூட்டுக் கவனம்’ என்று சிலர் எழுதுகிறார்கள்.

மொழி மட்டும் பிந்திய குழந்தை, வார்த்தை இல்லாவிட்டாலும் இதையெல்லாம் கையாலும் கண்ணாலும் செய்துவிடும். தலையாட்டும், டாட்டா காட்டும், நிலாவைக் காட்டும், அம்மா முகத்தைப் பார்த்து விளையாடும். ஆட்டிசத்தில் வார்த்தையோடு இந்தச் சைகைகளும் குறைவாக இருக்கும். கவின் தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் ஃபில்டர் மேல் வைக்கிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. ரிப்போர்ட்டில் இது ‘ஹேண்ட் லீடிங்’ என்று இருக்கும்.

பக்கத்திலேயே ‘எக்கோலாலியா’ என்று ஒரு சொல் இருக்கலாம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது. ‘தண்ணி வேணுமா?’ என்று கேட்டால் ‘வேணும்’ என்று சொல்லாமல் ‘தண்ணி வேணுமா’ என்றே குழந்தை சொல்லும். சில நாளில், தாகம் எடுத்தாலே தானாக வந்து ‘தண்ணி வேணுமா’ என்று நிற்கும். அம்மா சொன்ன வாக்கியம் முழுசாக ‘தண்ணீர்’ என்பதற்கான பெயராகிவிட்டது. தமிழில் வினைச்சொல்லின் கடைசி எழுத்திலேயே கேள்வியும் பதிலும் மாறிவிடுவதால் இது நம் காதுக்குச் சட்டென்று தெரியும். வெட்டியான பிதற்றல் என்று இதை ஒதுக்கக் கூடாது. அந்தக் குழந்தை ஏதோ சொல்ல முயற்சி செய்கிறது. பேச்சு கற்கும் எல்லாக் குழந்தைகளும் கொஞ்ச காலம் இப்படித் திருப்பிச் சொல்வதும் உண்டு. ஆகவே இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

‘டி.கியூ: 70’

வளர்ச்சி வயதைப் பிறந்த வயதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வருவது டி.கியூ. கவினின் வளர்ச்சி வயது 21 மாதம். 21-ஐ 30-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 70. ‘எஸ்.கியூ’ என்று இருந்தால் அதுவும் இதே கணக்குதான், சமூகத் திறன் வயதை வைத்துப் போட்டது.

சராசரி எதை மறைக்கிறது என்று பாருங்கள். கவின் நடப்பது, ஓடுவது, ஏறுவதில் 29 மாத அளவில் இருக்கிறான். தானாகச் சாப்பிடுவது போன்றவற்றில் 24. சமூகத் திறனில் 16. மொழியில் 15. கூட்டி நான்கால் வகுத்தால் 21. இன்னொரு குழந்தை நான்கிலும் சமமாக 21-ல் இருந்தாலும் அதே 70தான் வரும். அந்தக் குழந்தையின் ரிப்போர்ட்டில் ‘குளோபல் டெவலப்மென்டல் டிலே’ என்று எழுத வாய்ப்பு அதிகம். ஐந்து வயதுக்குக் கீழே பல துறைகளில் ஒன்றாகப் பிந்தும்போது தரும் பெயர் அது. ஆகவே 70 என்ற மொத்த எண்ணை விட அதற்கு மேலே உள்ள நான்கு எண்களைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இந்த வயதில் வரும் டி.கியூ.வை ஐ.கியூ. என்று படிக்கவும் கூடாது. பேசாத, உட்காராத குழந்தையிடம் அன்றைக்கு எடுக்க முடிந்த அளவு அது, அவ்வளவுதான்.

‘ஐ.எஸ்.ஏ.ஏ: 84, மைல்ட்’

நிறைய பெற்றோர் பதறும் இடம் இது. ‘84 சதவீதம் ஆட்டிசமா?’ என்று கேட்பார்கள். இல்லை.

ஐ.எஸ்.ஏ.ஏ. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட அளவுகோல். சமூக உறவு, உணர்ச்சி, பேச்சு, நடத்தை, புலன்கள், அறிதல் என்று ஆறு பிரிவுகளில் 40 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எதுவுமே பிரச்னை இல்லாத குழந்தைக்கும் ஒவ்வொன்றிலும் 1 வந்து, மொத்தம் 40 ஆகிவிடும். அதிகபட்சம் 200. 70-க்குக் கீழே ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை மைல்ட், 107 முதல் 153 வரை மாடரேட், அதற்கு மேல் சிவியர். கவினின் 84 முதல் பட்டையின் நடுவில் இருக்கிறது. மதிப்பெண் போடுபவர் குழந்தையைப் பார்த்தும் உங்களைக் கேட்டும்தான் போடுகிறார். ‘ரொம்ப அடம் சார்’ என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் எண் ஏறும், பயத்தில் எதையாவது மறைத்தால் இறங்கும்.

சில இடங்களில் ‘கார்ஸ்’ என்ற வேறு அளவுகோல் இருக்கும். அதில் 15 முதல் 60 வரை, 30-லிருந்துதான் ஆட்டிசம் எல்லைக்குள் வருகிறது. ஒரு இடத்தில் கார்ஸ் 33, இன்னொரு இடத்தில் ஐ.எஸ்.ஏ.ஏ. 84 என்று வந்தால் ‘மூணு மாசத்துல ரெண்டு மடங்கு கூடிடுச்சு’ என்று அர்த்தம் இல்லை. கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவது மாதிரி அது.

‘லெவல் 1, 2, 3’ என்று எழுதினால் அது 2013-ல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடான டி.எஸ்.எம்-5 சொல்லும் வகை. குழந்தைக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை அது குறிக்கிறது. லெவல் 1-ல் உதவி தேவை, 2-ல் கணிசமாக, 3-ல் மிக அதிகமாக. ஆஸ்பெர்கர் என்று முன்பு தனியாகச் சொன்னதும் அந்த ஆண்டிலிருந்து இதே பெயருக்குள் வந்துவிட்டது.

‘இம்ப்ரெஷன்: ? ஏ.எஸ்.டி.’

கடைசிப் பத்தியில் வரும் சின்னச் சொற்கள்தான் தீர்ப்பின் எடையைச் சொல்கின்றன. ‘அட் ரிஸ்க்’ என்றால் சல்லடையில் நின்றிருக்கிறது. ‘ஃபீச்சர்ஸ் சஜெஸ்டிவ் ஆஃப்’ என்றால் அடையாளங்கள் தெரிகின்றன, முடிவு இன்னும் எழுதவில்லை. கேள்விக்குறியும் ‘ரூல் அவுட்’டும் ‘இதுவாக இருக்கலாம், பார்த்து உறுதிசெய்யவோ விலக்கவோ வேண்டும்’ என்பதற்கு. ‘ப்ரொவிஷனல்’ என்றால் இப்போதைக்கு இந்தப் பெயர், மறுபடி பார்ப்போம். எதுவும் இல்லாமல் நேராக ஏ.எஸ்.டி. என்று மருத்துவரோ உளவியல் நிபுணரோ கையெழுத்திட்டால்தான் அது உறுதியான டயக்னோசிஸ். அதற்கு சமூகத் தொடர்பில் குறைபாடு, திரும்பத் திரும்பச் செய்யும் அல்லது குறுகிய ஆர்வ நடத்தைகள் என்ற இரண்டுமே இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதை உறுதிசெய்யாது. எம்.ஆர்.ஐ. எழுதினால் வேறு எதையோ தேடுகிறார்கள் என்று பொருள், எதை என்று கேளுங்கள்.

‘எஃப்84.0’ என்று இருந்தால் அது நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டு எண். கவின் ரிப்போர்ட்டில் மதிப்பெண்ணும் 84, குறியீடும் 84. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

‘வெர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று யாராவது எழுதியிருந்தால், டி.எஸ்.எம்-மிலும் சர்வதேசக் குறியீட்டிலும் அப்படி ஒரு நோய் இல்லை. மொபைல் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது சரியான ஆலோசனை. ஆனால் அந்தப் பெயரை நம்பி, ‘போனை நிறுத்திட்டா போதும்’ என்று மதிப்பீட்டைத் தள்ளிப்போடுவதுதான் நஷ்டம். வீட்டில் தமிழும் ஸ்கூலில் ஆங்கிலமும் பேசுவதால் ஆட்டிசம் வருவதில்லை, பேச்சும் அதனால் நிற்பதில்லை.

அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்கு ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்ற தொடரைப் பார்க்கலாம். ‘மதியிறுக்கம்’ என்ற சொல்லும் உண்டு. முதல் தொடர் குழந்தைக்கு உலகமே தெரியாது என்பது போல ஒலிக்கிறது, அது நியாயமான மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாது. காலி டம்ளரில் காபி குடித்துக் காட்டும் பிள்ளைக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. சான்றிதழில் அதைப் பார்த்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றின் அலுவலகப் பெயர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘ரிவ்யூ ஆஃப்டர் 6 மந்த்ஸ்’

ஆறு மாதம் சும்மா காத்திருங்கள் என்பது இதன் பொருள் அல்ல. கேள்விக்குறி இருக்கும்போதே ஸ்பீச் தெரபியும் விளையாட்டு வழிப் பயிற்சியும் தொடங்கலாம். முடிவு ஆட்டிசம் இல்லை என்று வந்தாலும் மொழி பிந்தியிருப்பது உண்மை, பயிற்சி வீணாகாது. கவினைப் பொறுத்தவரை இதற்கு முன்னால் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது: இடது காது பெரா. சளி சரியான பிறகு முதல் வேலையாக அதை முடித்து, அந்த ரிப்போர்ட்டையும் இதே ஃபைலில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுமதிப்பீட்டுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டும், மொபைலில் எடுத்த சின்னச் சின்ன வீடியோக்களும் கையில் இருக்கட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது ஒன்று, சாப்பிடும்போது ஒன்று, வேறு குழந்தையோடு இருக்கும்போது ஒன்று. புது இடத்தில் முதல் அரைமணி நேரம் அழுதே தீர்க்கும் குழந்தையின் உண்மையான நடத்தை அந்த அறையில் தெரியாது. அதே அளவுகோலை மறுபடி பயன்படுத்தச் சொல்லிக் கேளுங்கள், அப்போதுதான் எண்களை ஒப்பிட முடியும். ஆறு மாதம் முடிவதற்குள், சொல்லிக்கொண்டிருந்த ஒரு வார்த்தையை குழந்தை விட்டுவிட்டாலோ, டாட்டா காட்டுவது நின்றுபோனாலோ, ரிவ்யூ தேதி வரை காத்திருக்காமல் அந்த வாரமே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.